தனி மாவட்டம் வந்தால் அதிகாரமும் வந்துவிடுமா?

பொள்ளாச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை நம் ஊரில் நெடுநாளாக இருந்து வருவது வணிகப் பெருமக்கள் யாவரும் அறிந்ததே. தேர்தல் வந்தால் அது மேடைக்கு வரும். கடைவீதியில் நான்கு பேர் கூடினால் பேச்சுக்கு வரும். "மாவட்டம் ஆகிவிட்டால் எல்லாம் இங்கேயே முடிந்துவிடும், அதிகாரம் நம் கைக்கு வந்துவிடும்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம்.

இதில் முதல் பாதி சரி. கோவைக்குப் போய்ச் செய்த பல காரியங்கள் இங்கேயே முடியும். இரண்டாவது பாதியைப் பற்றித்தான் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அலுவலகம் பக்கத்தில் வருவது வேறு, அதிகாரம் கைக்கு வருவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவோம். போக வேண்டிய இடத்தை விட்டு வேறு வாசலில் நின்றுகொண்டிருப்போம். ஆகையால் இந்த வேற்றுமையை நமக்குத் தெரிந்த கடை வியாபாரத்தைக் கொண்டே விளக்கலாம் என்று கருதுகிறோம்.

மூன்று வகைப் பரவல்

அரசாங்கத்தின் அதிகாரம் தலைநகரிலேயே குவிந்து கிடக்காமல் கீழே இறங்குவதை அதிகாரப் பரவலாக்கம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நிர்வாக நூல்களில் அதை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். ஆங்கிலத்தில் அவற்றுக்கு டீகான்சன்ட்ரேஷன், டெலிகேஷன், டெவலூஷன் என்று பெயர். தமிழில் நாம் அவற்றை முறையே நிர்வாகப் பரவல், பொறுப்பு ஒப்படைப்பு, அதிகாரப் பகிர்வு என்று வைத்துக்கொள்வோம். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் நமக்குப் புதிதல்ல.

பொள்ளாச்சியில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், வால்பாறையில் ஒரு கிளை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு மேனேஜரைச் சம்பளத்துக்கு வைக்கிறார். வால்பாறைக்காரர்கள் துவரம்பருப்பு வாங்க மலை இறங்கி வர வேண்டியதில்லை. அது பெரிய வசதிதான். ஆனால் பருப்பின் விலை பொள்ளாச்சியிலிருந்து போனில் சொல்லப்படுகிறது. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதும் இங்கிருந்துதான் போகிறது. மாலையில் கல்லாப் பணம் இங்கே வந்து சேர்கிறது. மேனேஜரைப் பிடிக்கவில்லை என்றால் முதலாளி அடுத்த மாதமே மாற்றிவிடுவார். கடை வால்பாறையில் இருக்கிறது, முதலாளி பொள்ளாச்சியில் இருக்கிறார். இதுதான் நிர்வாகப் பரவல்.

அதே வியாபாரி, தம் சரக்கில் ஒரு பகுதியை உடுமலையில் ஒரு கமிஷன் மண்டிக்கு அனுப்புகிறார். மண்டிக்காரர் நம் சம்பளக்காரர் அல்ல. அவருக்குத் தனிக் கடை, தனிக் கணக்கு, சொந்த ஆட்கள் உண்டு. எப்போது விற்பது, யாருக்கு விற்பது என்பதை அவர் தம் அனுபவப்படி பார்த்துக்கொள்வார். ஆனால் சரக்கு நம்முடையது. "இந்த விலைக்குக் கீழே தள்ளாதீர்கள்" என்று நாம் வரம்பு கட்டலாம். கணக்குக் கேட்கலாம். ஒத்துவரவில்லை என்றால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இது பொறுப்பு ஒப்படைப்பு.

மூன்றாவதாக, வியாபாரி தம் மூத்த மகனுக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கிறார். ஒரு கடையும் முதலும் அவன் பெயருக்குப் பத்திரம் பதிந்து எழுதியாகிவிட்டது. அவனுக்குத் தனி ஜி.எஸ்.டி. எண், தனி வங்கிக் கணக்கு. என்ன சரக்குப் பிடிப்பது, என்ன விலை வைப்பது, யாரை வேலைக்கு வைப்பது எல்லாம் அவன் முடிவு. லாபமும் அவனுடையது, நஷ்டமும் அவனுடையது. அப்பா யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. இதுதான் அதிகாரப் பகிர்வு.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். அங்கே உட்கார்ந்திருப்பவர் யாருடைய ஆள்? செலவாகும் பணம் யாருடையது? அவர் எடுத்த முடிவை யார் மாற்றலாம்? மூன்றுக்கும் "மேலே இருப்பவர்" என்று பதில் வந்தால் அது கிளைக்கடை. ஆளும் கணக்கும் தனி, ஆனால் மேலே இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது கமிஷன் மண்டி. மூன்றுக்கும் "அவரே" என்று வந்தால் அது பாகம் பிரித்த கடை.

நம் ஊரிலேயே மூன்றும் உண்டு

முதல் வகைக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சப்-கலெக்டர் அலுவலகம், தாலுகா அலுவலகம், வட்ட வழங்கல் அலுவலகம், வணிக வரி அலுவலகம் எல்லாமே அரசாங்கத்தின் கிளைக்கடைகள். வணிக வரி அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கைப் பார்க்கிற அதிகாரி பொள்ளாச்சியில்தான் இருக்கிறார். ஆனால் வரி விகிதத்தில் கால் சதவீதம் கூட்டவோ குறைக்கவோ அவரால் முடியாது. விற்பனை வரிக் காலத்தில் அது சென்னையில் முடிவானது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைத்து முடிவாகிறது. அவர் இங்கே வசூலிக்கும் பணம் இந்த ஊர்க் கணக்கில் சேர்வதில்லை. அவரை இங்கே நியமித்ததும் மாற்றல் செய்வதும் துறைதான். அவரிடம் போய் "வரியைக் குறையுங்கள்" என்று கேட்பது, கிளை மேனேஜரிடம் கொள்முதல் விலையைப் பற்றிச் சண்டை போடுவதைப் போன்றதே.

இரண்டாவது வகைக்கு நமக்கு மிகவும் பழக்கமான இடம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். இந்த ஏற்பாடு கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. 1933-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின்கீழ் 1936-இல் திருப்பூரில்தான் பருத்திக்கு முதல் விற்பனைக்கூடம் வந்தது. இப்போது 1987-ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டத்தின்படி விற்பனைக் குழுக்கள் இயங்குகின்றன. விற்பனைக் குழு என்பது அரசாங்கத்தின் ஓர் இலாகா அல்ல. சட்டத்தால் ஏற்பட்ட தனி அமைப்பு. அதற்குத் தனி நிதி உண்டு. அறிவிக்கப்பட்ட விளைபொருளை வாங்கும் வியாபாரியிடம் மதிப்பில் 1 சதவீதம் செஸ் வசூலித்து, ஏலக்களம், கிடங்கு, உலர்களம், எடைமேடை ஆகியவற்றை நடத்துகிறது. அன்றாட நிர்வாகம் அதன் பொறுப்பு. ஆனால் எந்தப் பொருளை அறிவிப்பது, எந்த எல்லைக்குள் அறிவிப்பது என்பதெல்லாம் அரசின் கையில். விவசாயிகளும் வியாபாரிகளும் இடம்பெற வேண்டிய குழுவுக்குப் பதிலாக, அரசு நியமித்த தனி அலுவலரைக் கொண்டே இந்தக் குழுக்கள் பல ஆண்டுகள் நடந்திருக்கின்றன. கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கொப்பரைக் கொள்முதலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2023-இல் வெளிச்சந்தை விலை சரிந்து கிடந்தபோது, மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலையில் நாஃபெட் நிறுவனத்துக்காக நம் பகுதி விற்பனைக்கூடங்களில் கொப்பரை வாங்கினார்கள். அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஒரு விவசாயியின் கொப்பரை 7 சதவீதம் காட்டினால், கண்காணிப்பாளர் மனமிரங்கினாலும் எடுக்க வழியில்லை. விலையும் டெல்லியில் முடிவானது, தரமும் டெல்லியில் முடிவானது, மொத்தம் எவ்வளவு வாங்குவது என்பதும் அங்கேதான். எடைபோட்டு, சாக்கில் பிடித்து, பட்டியல் எழுதுவதுதான் இங்கே ஒப்படைக்கப்பட்ட வேலை. கமிஷன் மண்டியில் சரக்குக்காரர் வரம்பு கட்டுவதைப் போலவேதான் இதுவும்.

மூன்றாவது வகைக்கு உதாரணம் நம் நகராட்சி. 36 வார்டுகளிலும் மக்கள் ஓட்டுப்போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகராட்சியை மாநில அரசின் தயவில் நிற்கும் அமைப்பாக விடாமல் அரசியலமைப்பிலேயே இடம் கொடுத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் மறுதேர்தல் என்று அது சொல்கிறது. கிராம ஊராட்சிகளுக்கு 73-ஆவது திருத்தம் இதையே செய்தது.

நகராட்சிக்கு உரிமையாக வந்ததில் வியாபாரிகளான நாம் நேரே உணரும் ஒன்று தொழில் வரி. நம் மாநிலத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை அதை நகராட்சியிலோ ஊராட்சியிலோ கட்டுகிறோம். அந்தப் பணம் உள்ளாட்சிக்கே சேர்கிறது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதே தொழில் வரியை மாநில அரசின் வரித் துறை வசூலிக்கிறது. வரியின் பெயர் ஒன்றுதான். யாருக்கும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்ற அரசியலமைப்பு வரம்பும் ஒன்றுதான். ஆனால் அங்கே அது கிளைக்கடையில் கட்டும் பணம், இங்கே பாகம் பிரித்த கடையின் வரவு. ஒரு பொருள் எந்த வகையில் சேரும் என்பதை அதன் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, பணம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பாகம் பிரித்த பிறகும் சாவி யாரிடம்?

நகராட்சி என்றால் முழு அதிகாரப் பகிர்வு என்று அத்தோடு விட்டுவிட முடியாது. பாகம் பிரித்துக் கொடுத்த அப்பா, பெட்டிச் சாவியைத் தம் இடுப்பிலேயே வைத்துக்கொள்வதும் உண்டல்லவா? 2022-இல் நடந்ததைத் தேதிவாரியாகப் பார்த்தால் இது விளங்கும்.

2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டிய தேர்தல் வழக்குகளாலும் வார்டு வரையறை வேலைகளாலும் தள்ளிக்கொண்டே போயிற்று. தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கடைசியில் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். இடையில் ஐந்தாண்டுக்கு மேல் நகர்மன்றங்களின் அதிகாரத்தைத் தனி அலுவலர்களே செலுத்தினார்கள்.

அந்த ஐந்தாண்டில் நகராட்சிக் கட்டடம் மாறவில்லை. பெயர்ப் பலகை மாறவில்லை. சொத்து வரி ரசீதும் மாறவில்லை. ஆனால் நம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்திருந்தவர் அரசின் அதிகாரி. அவர் முடிவை மாற்றக்கூடியது அரசு. வார்டுக்காரர் தம் தெருச் சாக்கடைக்கு யாரிடம் போவது என்றால், ஓட்டுக் கேட்டு வந்தவர் என்று ஒருவர் இல்லை. சட்டப்படி அது நகராட்சி, நடைமுறையில் கிளைக்கடை. பாகப் பத்திரம் பெட்டியில் இருக்க, கடையை மேனேஜர் நடத்திக்கொண்டிருந்தார்.

தேர்தல் முடிந்து, 2022 மார்ச் 2-இல் உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். மார்ச் 4-இல் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஏப்ரல் 1-இல் சொத்து வரியை உயர்த்தும் அறிவிப்பு சென்னையிலிருந்து வந்தது. நகர்மன்றம் உட்கார்ந்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் உயர்வு என்று அந்த அறிவிப்பிலேயே அளவும் குறிக்கப்பட்டிருந்தது. நம் கடைக் கட்டடத்துக்கு அரையாண்டுக்கு 3,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம் என்று வைத்துக்கொண்டால், அது 6,000 ரூபாய் ஆயிற்று. நகர்மன்றங்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றின. ஆனால் எவ்வளவு உயர்த்துவது என்று அவை யோசித்து முடிவு செய்யவில்லை. வந்த அளவுக்கு ஒப்புதல் கொடுத்தன.

அதற்கு மேலும் ஒரு படி உண்டு. சொத்து வரியை உயர்த்தினால்தான் உள்ளாட்சிக்கு மத்திய மானியம் என்று 15-ஆவது நிதிக் குழு நிபந்தனை வைத்திருந்தது, அதனால்தான் உயர்த்துகிறோம் என்று மாநில அரசு காரணம் சொன்னது. டெல்லி சென்னைக்கு நிபந்தனை போட, சென்னை பொள்ளாச்சிக்கு அளவு சொல்ல, பொள்ளாச்சி தீர்மானம் போட, நாம் பணம் கட்டினோம். உயர்வு நியாயமா இல்லையா என்பது தனி விவாதம். பல ஆண்டுகளாக வரி உயரவில்லை, சாலைக்கும் குடிநீருக்கும் பணம் வேண்டும் என்ற வாதத்திலும் பொருள் இருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வரி நகராட்சியின் வரி, பணம் நகராட்சிக்கே வந்தது, ஆனால் எவ்வளவு என்ற முடிவு அங்கே பிறக்கவில்லை. அன்றைக்கு வார்டு உறுப்பினரிடம் கோபித்துக்கொண்ட நம் கடைக்காரர்கள் பலர், தீர்மானத்தில் கைதூக்கியவரிடம் கோபித்தார்கள், அளவை எழுதியவரிடம் அல்ல.

இன்னும் இரண்டு இடங்களில் சாவி மேலே இருக்கிறது. நகராட்சி ஆணையர் நகர்மன்றத்தின் சம்பளக்காரர் அல்ல. மாநில அரசு அனுப்புகிறவர், மாநில அரசே மாற்றுகிறவர். அடுத்து, 74-ஆவது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகள் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அவற்றை நகராட்சிக்கு மாநிலம் கொடுத்தே தீர வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லவில்லை, கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. எத்தனை கொடுப்பது, எந்த அளவுக்குக் கொடுப்பது என்பது மாநிலத்தின் மனத்தைப் பொறுத்தது.

கொடுத்த பணி திரும்பிப் போவதும் உண்டு. 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இருந்த காலத்தில், நகராட்சியின் சுகாதார ஆய்வாளரே கடைக்கு வந்து எண்ணெயும் மிளகாய்த்தூளும் மாதிரி எடுப்பார். 2006-இல் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்ததும், அந்த வேலை மாநில உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போய்விட்டது. ஆகையால் மாதிரி எடுத்தது பற்றி இன்று நகர்மன்ற உறுப்பினரிடம் முறையிட்டுப் பயனில்லை. அவர் கையில் அது இல்லை.

கோபாலபுரத்துக்கு அப்பால்

இதைவிட வேறு மாதிரி செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 1996-இல் மக்கள் திட்டம் என்ற பெயரில் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். மாநிலத்தின் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் கொடுத்து, எதற்குச் செலவிடுவது என்று அவர்களையே கிராம சபையில் முடிவு செய்யச் சொன்னார்கள். பணத்தோடு நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவமனை, கிருஷி பவன் எனப்படும் வேளாண் அலுவலகம் ஆகியவற்றையும் ஊராட்சியின் பொறுப்பில் விட்டார்கள்.

தென்னைக்கு நோய் வந்தால் நம் பக்கத்து விவசாயி வேளாண் துறை அலுவலகத்துக்குப் போவார். துறையின் திட்டம் சென்னையிலிருந்து வந்தால் மருந்து கிடைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "இந்த ஆண்டு தென்னைக்கு மருந்து வாங்கப் பணம் ஒதுக்குங்கள்" என்று தம் ஊராட்சி உறுப்பினரையே கேட்கலாம். ஒதுக்குகிற அதிகாரம் அந்த ஊராட்சிக்கு இருக்கிறது. ஒதுக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் கேட்கலாம்.

அங்கேயும் எல்லாம் கீழே வந்துவிடவில்லை. டாக்டருக்கும் வேளாண் அலுவலருக்கும் சம்பளம் கொடுப்பதும் மாற்றல் செய்வதும் மாநில அரசுதான். ஒரே ஆளுக்கு இரண்டு முதலாளி இருந்தால் வரும் இழுபறி அங்கேயும் உண்டு. பணத்தைச் செலவிடத் தெரியாமல் ஆண்டுக் கடைசியில் அவசரமாகச் செலவிட்ட ஊராட்சிகளும் உண்டு. பாகம் பிரித்துக் கொடுத்தால் எல்லா மகனும் நன்றாகக் கடை நடத்துவான் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நன்றாக நடத்தவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று மட்டும் தெரிந்திருக்கும்.

மாவட்டக் கோரிக்கைக்கு வருவோம்

2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்துத் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது, நம் பக்கத்து உடுமலைப்பேட்டை அதில் சேர்ந்தது. உடுமலை வியாபாரிகள் கலெக்டரைப் பார்க்கக் கோவைக்குப் பதிலாகத் திருப்பூருக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்கள் நகராட்சிக்கு அதனால் புதிதாக ஒரு வரி உரிமையோ ஒரு பணியோ வந்ததா என்றால் இல்லை. முன்பு எந்தச் சட்டத்தில் எவ்வளவு அதிகாரம் இருந்ததோ அதுவேதான் இருந்தது. 2019-லும் 2020-லும் புதிய மாவட்டங்கள் ஆறு பிறந்து மொத்தம் 38 ஆயின. அங்கேயும் கதை இதுதான். மாவட்டம் பிரிப்பது கிளைக்கடையைக் கூட்டுவது. மேனேஜர் பக்கத்தில் வருவார், அவருக்கு முதலாளி பழைய முதலாளியேதான்.

இதனால் மாவட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வால்பாறையில் கடை வைத்திருப்பவர் ஒரு மாவட்ட அலுவலக வேலைக்காக மலை இறங்கிப் பொள்ளாச்சி வந்து, அதற்கு மேலும் 40 கிலோமீட்டர் போய்க் கோவையில் காத்திருந்து, அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு இருட்டியபின் திரும்புகிறார். தீபாவளிக்குப் பட்டாசுக் கடை உரிமம் முதல் பல காரியங்கள் மாவட்ட அளவில்தான் முடிகின்றன. அவருக்கு அந்தப் பயணமும் நேரமும் மிச்சமானால் அது சிறிய விஷயமல்ல. கிளைக்கடை பக்கத்தில் இருப்பதன் அருமை வாடிக்கையாளருக்குத்தான் தெரியும்.

புதிய மாவட்டம் வந்தால் மாவட்ட ஊராட்சி என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அமைப்பும் வருமே என்று சிலர் கேட்கலாம். வரும். ஆனால் நம் மாநிலத்தில் மாவட்ட ஊராட்சிக்குச் சொந்தமாக வரி விதிக்கும் உரிமை கிடையாது. மேலிருந்து வரும் பணத்தில்தான் அது காலம் தள்ள வேண்டும். முதல் இல்லாமல் பெயருக்கு மட்டும் எழுதிக் கொடுத்த கடையைப் போல் அது இருக்கிறது.

ஆகவே மாவட்டம் கேட்கிற மனுவில் இன்னும் இரண்டு வரிகள் சேர வேண்டும் என்பது நம் கருத்து. முதலாவது, உள்ளாட்சித் தேர்தல் ஐந்தாண்டு முடிவதற்குள் தவறாமல் நடக்க வேண்டும் என்பது. 2016 முதல் 2022 வரை பார்த்தது மறுபடியும் வரக் கூடாது. கிராமப்புறத்தில் அது மறுபடியும் வந்தது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், நம் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். இரண்டாவது, சொத்து வரி போன்ற உள்ளாட்சி வரிகளில் கீழ் வரம்பையும் மேல் வரம்பையும் அரசு சொல்லட்டும், அதற்கு நடுவே எவ்வளவு என்பதை அந்தந்த நகர்மன்றம் வியாபாரிகளையும் வீட்டுக்காரர்களையும் கேட்டு முடிவு செய்யட்டும் என்பது. இந்த இரண்டும் புதிய மாவட்டத்தால் வருபவை அல்ல. மாவட்டம் வராவிட்டாலும் கேட்கக் கூடியவை.

மனு எங்கே கொடுப்பது?

கடைசியாக, அன்றாடக் காரியத்துக்கு இந்தப் பாகுபாடு எப்படி உதவும் என்பதைச் சொல்லி முடிக்கிறோம்.

கிளைக்கடை வகை அலுவலகமாக இருந்தால், இங்கே இருப்பவரிடம் நாம் கேட்கக்கூடியது தாமதமில்லாத வேலையும் மரியாதையான நடத்தையும்தான். விதியே சரியில்லை என்றால் இங்கே வாதாடி நேரத்தை வீணாக்காமல், சங்கத்தின் மூலம் துறைத் தலைவருக்கும் அமைச்சருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுத வேண்டும். விற்பனைக்கூடம் போன்ற ஒப்படைப்பு வகையாக இருந்தால், ஏலக்களம், எடை, கிடங்கு வசதி பற்றிய குறைகளை அங்கேயே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம். செஸ் விகிதம், அறிவிக்கப்பட்ட பொருள்கள் பற்றியது என்றால் அது ஒப்படைத்த அரசிடம் போக வேண்டியது. நகராட்சிக் காரியமாக இருந்தால், நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்பே நம் வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலம் கொடுத்து, கூட்டத்தில் அதைப் பேச வைக்க வேண்டும். தீர்மானம் நிறைவேறிய பிறகு கடையடைப்புச் செய்வதைவிட, நிறைவேறுவதற்கு முன்பு பத்துப் பேர் போய்ப் பேசுவது மேல். பேசிய பிறகு "இது எங்கள் கையில் இல்லை, மேலிருந்து வந்தது" என்று பதில் வந்தால், அந்த அரசாணையின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாவி உண்மையிலேயே யாரிடம் இருக்கிறது என்பதை அந்தக் காகிதம் காட்டிவிடும். சங்கம் அடுத்த மனுவை அந்த முகவரிக்கு எழுதலாம்.